ராகு காலத்தில் ஆறிய கேக்

மோசஸ் கப்பல் வேலைக்குக் கிளம்பியது காணும் பொங்கலுக்கு மறுநாள், ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடிய ஜனம் விட்டுப்போன கரும்புச் சக்கையும் தண்ணீர் பாட்டிலும் ரோடு வரைக்கும் சிதறிக் கிடந்தன. ரிசார்ட்டின் பின்வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்க, மோசஸ் சமையல்கட்டில் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கிக்கொண்டு வந்தான். கடைசியாகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வந்தபோது வேண்டாவின் கை முழங்கை வரைக்கும் சலவைச் சோடா நுரையில் இருந்தது. குலுக்க முடியவில்லை. அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வரேன்க்கா" என்று போய்விட்டான்.

அவன் போன அன்றே சமையல்கட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சனிக்கிழமை கேக்கை இனி யார் கவுப்பது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மைலுக்கு நாலு ரிசார்ட் இருக்கிறது. எல்லா இடத்திலும் அதே இறால், அதே நண்டு. இந்த ரிசார்ட்டுக்குச் சனிக்கிழமை ராத்திரி கார் கட்டிக்கொண்டு ஜனம் வந்தது அன்னாசிப்பழக் கேக்குக்காக. டின்னின் அடியில் வெண்ணெயும் சர்க்கரையும் காய்ச்சிய பாகு, அதன்மேல் அன்னாசி வட்டங்கள், வட்டத்தின் நடுவில் ஆளுக்கொரு செர்ரி, எல்லாவற்றுக்கும் மேலே மாவு. வெந்ததும் டின்னைத் தட்டில் கவிழ்த்துத் தூக்கினால் அடி மேலே வந்துவிடும். தேன் நிறத்தில், கண்ணாடி போட்டதுபோல மின்னும். மோசஸ் அதைச் சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே மேசையில் வைத்துக் கவிழ்ப்பான். டின்னைத் தூக்கும் அந்த ஒரு நொடிக்கு அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு கைதட்டல்.

அந்தக் கேக்கைப் பற்றி மோசஸுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் வேண்டாதான். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினோரு வருஷமாக அவன் டின்களைக் கழுவியவள் அவள். கவிழ்த்த டின் தொட்டிக்கு வரும்போதே உள்ளே நடந்ததை அவள் படித்துவிடுவாள். அடியில் பாகு குளம் கட்டி நின்றால் அவசரப்பட்டுக் கவிழ்த்திருக்கிறான். பாகு இறுகுவதற்கு முன்பே பழம் வழுக்கி ஓடியிருக்கும். கெட்டியாகப் பழுப்பு ஓடு ஒட்டிக்கொண்டு வந்தால் தாமதித்துவிட்டான். பழத்தைப் பிய்த்துத்தான் எடுத்திருப்பான். எண்ணெய் தடவியதுபோல வெறும் மினுமினுப்போடு வந்தால், அன்றைக்குக் கைதட்டலில் காது கிழிந்திருக்கும். சூட்டில் பாகு, ஆறினால் கமர்கட். இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷத்தில்தான் கேக்கின் உயிர் இருக்கிறது என்பது பதினோரு வருஷம் டின் தேய்த்ததில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேண்டாவுக்கு அந்தக் கேக் மேசை வேண்டியிருந்தது. பெருமைக்காக இல்லை, கைக்காக.

அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். நாலாவதும் பெண்ணாகிவிடக் கூடாதென்று வைத்த பேர் அது. பேர் பலித்து நாலாவதாகத் தம்பி பிறந்தான், அந்த மட்டும் குடும்பத்துக்கு அவள்மேல் நன்றி உண்டு. லோடு ஆட்டோ ஓட்டும் குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனோடு கடற்கரைப் பக்கம் வந்தவள், வந்த நாளிலிருந்து தண்ணீரில் நிற்கிறாள். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சோடாத் தண்ணீர். விரலிடுக்குகள் வெளுத்து, பிளந்து, புண் ஆறாமல் நாறத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தோல் பார்க்கும் டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "களிம்பு சும்மாம்மா. தண்ணியில கை வைக்காத வேலை பாரு. இல்லன்னா நகமெல்லாம் போயிடும்" என்றாள்.

கேக் மேசையில் தண்ணீர் கிடையாது. மாவு, சர்க்கரை, வெண்ணெய். கை காயும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

செஃப் அருணகிரியிடம் தானே போய்க் கேட்டாள். அருணகிரிக்கு ஆள் கிடைக்கவில்லை, சனிக்கிழமையோ நாளை மறுநாள். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாத்திரம் தேய்க்கிறவ கேக்கு சுடப் போறியா? சுடு பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்று சுட்டாள். பழத்தின் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்தாள். ஈரம் இருந்தால் பாகு நீர்த்து மாவு கொழகொழத்துவிடும். பாகைச் சிவக்க விடாமல் தேன் நிறத்திலேயே இறக்கினாள். கருகவிட்டால் கசக்கும், கல்லாகும். வெந்து வந்த டின்னை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். டின்னின் அடியில் வெறும் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். விரல் பொறுக்கும் சூடு வந்ததும் ஓரத்தில் கத்தியை ஒரு சுற்றுச் சுற்றி, தட்டை மேலே மூடி, ஒரே வீச்சில் கவிழ்த்தாள். உடனே தூக்கவில்லை. பாகு வடிந்து இறங்க ஒரு நிமிஷம் விட்டாள். தூக்கினாள். டின்னுக்குள் ஒரு துணுக்கு இல்லை.

அருணகிரி ஒரு துண்டு வாயில் போட்டு மென்றார். "ம்" என்றார்.

அன்றிலிருந்து நாலு மாதம் வேண்டா சனிக்கிழமைதோறும் கேக் சுட்டாள். மற்ற ஆறு நாளும் தொட்டியில் நின்றாள். சனிக்கிழமைகூட, ஜனத்துக்கு முன்னால் போய்க் கவிழ்த்தவள் அவள் இல்லை. வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனவன் லட்சுமணன், அருணகிரியின் மச்சினன், காய் நறுக்க வந்தவன். வேண்டா கதவோரத்தில் நின்று விரலால் சைகை காட்டுவாள். அவன் கவிழ்ப்பான். கைதட்டல் அவனுக்கு.

"அக்கா, நீ இல்லாங்காட்டி நான் பூஜ்யம்" என்பான் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வைகாசியில் ரிசார்ட் முதலாளி ஜெகதீசன் ஒரு முடிவெடுத்தார். கேக்குக்கு இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் ரோட்டு ஓரமாகவே ஒரு கேக் கடை போட்டுவிடலாம். கண்ணாடி வைத்து, ஏசி வைத்துக் கடை தயாராயிற்று. கடைக்கென்று ஒரே ஒரு ஆள், வேறு வேலை கிடையாது. அந்த ஆள் யார் என்று அருணகிரியைக் கேட்டபோது அவர் மச்சினன் பேரைச் சொன்னார். முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "சுடறது அந்தப் பாத்திரம் கழுவுற அம்மான்னு வாட்ச்மேன் சொல்றான்? திறப்பு அன்னிக்கு அந்த அம்மாவே கவுக்கட்டும். சரியா வந்தா கடை அவங்களுக்கு" என்றுவிட்டார்.

அருணகிரி இதை அவளிடம் சொன்னபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு நல்ல காலம்தான் போ. ஆனா ஒண்ணு. அந்தக் கையோட ஓனர் முன்னாடி நிக்காத. பாத்தா கேக்கு இல்ல, சோறே எறங்காது அவருக்கு. கிளவுஸ் போட்டுக்கினு வா. துணி கிளவுஸ், தடியா இருக்கும், சுடவும் சுடாது."

கையை மறைக்க வேண்டும் என்பது அவளுக்கும் சரியாகவே பட்டது.

திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம். முதலில் புது அடுப்பில் பால் காய்ச்சுவது, பிறகு கேக்கைக் கவிழ்ப்பது. வேண்டா கணக்குப் போட்டுப் பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஓவனிலிருந்து டின்னை எடுத்தாள். பத்தே கால் ஆகியும் முதலாளியின் கார் வரவில்லை. போன் வந்தது. கோவளத்துக்கிட்டே ஏதோ விபத்து, வண்டிகள் நகரவில்லை.

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். வூட்டம்மா ஒத்துக்க மாட்டாங்க. பன்னெண்டு அடிச்சதும் வெச்சிக்கலாம்" என்றார் முதலாளி.

வேண்டா டின்னைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குள் பாகு கமர்கட் ஆகிவிடும். ஆனால் அவள் சும்மா அழுகிற ஆள் இல்லை. அருணகிரியிடம் போனாள்.

"செஃப், இது ஆறிடும். இத்த ஓரமா வெச்சுட்டு புதுசா ஒண்ணு போட்டுடறேன். பதினொண்ணே காலுக்குள்ள உள்ள தள்ளுனா பன்னெண்டுக்கு எடுத்துடலாம்."

"போடு. உன்ன யாரு வாணாண்ணா?"

புதிதாகப் பழம் வெட்டி, பாகு காய்ச்சி, மாவு அடித்து, பதினொன்று பத்துக்கு இரண்டாவது டின்னை ஓவனில் வைத்தாள். காலையில் சுட்டது மேசையின் ஒரு ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அளவு டின், ஒரே கடையில் வாங்கியவை. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு இரண்டாவதை வெளியே எடுத்தாள். அது மேசையில் உட்கார்ந்த மறுநிமிஷம் அருணகிரியின் சத்தம்.

"ஓனர் வந்துட்டாரு! நீ முன்னாடி போய் நில்லு. தொப்பி, மாஸ்க்கு, கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கோ. டின்னு லட்சுமணன் எடுத்துக்கினு வருவான்."

"நானே எடுத்துகினு—"

"ஓனர் வந்து நிக்கிறாருன்றேன், நீ இன்னா இங்க நின்னு பேசிக்கினு கீற?"

அவள் ஓடினாள். பின்கட்டிலிருந்து ரோட்டுக் கடை வரைக்கும் தோட்டத்தைத் தாண்டி இருநூறு அடி. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "லட்சுமணா, இப்ப எடுத்தது! ஓவன் பக்கத்துல இருக்கறது!"

"தெரியும்க்கா, ஓடு ஓடு."

கடைக்குள் ஊதுபத்திப் புகை. பன்னிரண்டு அடித்ததும் முதலாளியின் மனைவி புது அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பித்தளைப் பானையில் பாலை ஏற்றினாள். இருந்தது ஒரே அடுப்பு. பால் அவசரப்படவில்லை. அந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "பால் பொங்கறதுக்குள்ள கேக்க கவுத்துடலாமே. ரெண்டும் ஒரே வீடியோவுல வந்துடும்."

லட்சுமணன் டின்னைக் கொண்டுவந்து வைத்தான். துணி சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுடுவதுபோல ஊதிக்கொண்டு வந்தான்.

வேண்டா டின்னைத் தொட்டாள். தடித்த துணிக் கையுறை. சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. வெறும் விரலை வைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கையுறையைக் கழற்றினால் எதிரில் முதலாளி, போன், பதினைந்து பேர். ஒரு விரலை மட்டும் கழற்ற முடியாதே. இப்போது எடுத்த டின்தானே, சூடாகத்தான் இருக்கும். கத்தியை ஓரத்தில் சுற்றினாள். தட்டை மூடினாள். மூச்சை இழுத்துக்கொண்டு கவிழ்த்தாள். ஒரு நிமிஷம் காத்தாள். தூக்கினாள்.

டின்னோடு கேக்கும் சேர்ந்து வந்தது. அவள் தட்டை அழுத்திப் பிடித்து டின்னை உதறினாள். அசையவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இது காலையில் சுட்ட டின்.

"அம்மா, இது ஆறிப்போச்சு" என்றாள் முதலாளியின் மனைவியைப் பார்த்து. "அடுப்பு மேல அர நிமிஷம் காட்டுனா பாகு எளகிடும், தானா வந்துடும். பாலை ஒரு நிமிஷம் எறக்கிட்டு—"

"பொங்கறதுக்கு முன்னாடி பாலை எறக்குறதா? இன்னாம்மா பேசற? மொத நாளே அபசகுனமா?"

"அப்ப பொங்கற வரைக்கும் இருங்க, நான் பின்னாடி ஓடிப் போய்—"

"தட்டுமா, தட்டு. வந்துடும்" என்றார் முதலாளி சிரித்துக்கொண்டே. போன் ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ, "நல்லா குத்து!" என்றார்கள். வேண்டா தட்டினாள். தட்டத் தட்டச் சிரிப்பு கூடியது. நாலாவது தட்டுக்கு உள்ளே ஏதோ பிடி விட்டது. டின்னைத் தூக்கியபோது தட்டில் விழுந்தது மேல்மாவு மட்டும். நடுவில் பிய்ந்து, வாய் கிழிந்த தலையணையைப்போல. அன்னாசி வட்டங்கள் ஒன்றுவிடாமல் டின்னுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு செர்ரி உருண்டு தரையில் ஓடியது. அது ஓடியதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். வேண்டா குனிந்து செர்ரியைப் பொறுக்கினாள். எதற்குப் பொறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. குனிந்தபோது தொப்பி கண்ணை மறைத்தது. அதுவும் வீடியோவில் வந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்று அருணகிரி முன்னால் வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு என் மச்சான் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கான்."

லட்சுமணன் ஓடிப்போய் இரண்டாவது டின்னோடு வந்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். தட்டை மூடிக் கவிழ்த்தான். ஒரு நிமிஷம் விட்டான், அவள் கற்றுக்கொடுத்தபடியே. டின்னைத் தூக்கினான். தேன் நிறத்தில் ஏழு வட்டம், ஏழு செர்ரி, பாகு மினுங்கிக்கொண்டு ஓரத்தில் மெல்ல வழிந்தது. அதே நேரம் பாலும் பொங்கியது. கைதட்டலில் கண்ணாடி அதிர்ந்தது. முதலாளியின் மனைவி, "பாத்தீங்களா, அந்தக் கை ராசி!" என்றாள்.

வேண்டா பின்கட்டுக்குப் போய்க் காத்திருந்தாள். லட்சுமணன் வந்ததும் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்டா மாத்துன?"

"எதுக்கா?"

"ஓவன் பக்கத்துல இருக்கறதுன்னு சொன்னனா இல்லியா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான கீது. எது எதுன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்?" அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். "நீ தொட்டுப் பாத்திருக்கலாம்ல?"

அருணகிரி வந்து சட்டையிலிருந்து அவள் கையைப் பிரித்துவிட்டார். "சும்மா பேஜார் பண்ணாத. அவன் கல்யாணமாவப் போற பையன். உனக்கு இன்னா, புருஷன் சம்பாரிக்கிறான். போ, அந்த டின்ன தேய், நாளைக்கு வேணும்."

டின் தொட்டியில் கிடந்தது. ஏழு வட்டமும் அப்படியே உள்ளே. வேண்டா கையுறையைக் கழற்றிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து டின்னின் அடியில் பிடித்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாகு இளகி, பழங்கள் ஒவ்வொன்றாக, ஒரு கீறல் இல்லாமல், வழுக்கி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தன. சர்க்கரைப் பாகு விரலிடுக்குப் புண்களில் இறங்கிக் காந்தியது. பழங்களைக் கழிவுக் கூடையில் போட்டாள். டின்னைத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகும் அவள் ரிசார்ட்டை விட்டுப் போகவில்லை. எங்கே போவது? அருணகிரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு இனிமையாகப் பேசினார். "லட்சுமணனுக்குக் கவுக்கத்தான் தெரியும், சுடத் தெரியாது. அவனுக்கு நீ ரெண்டு மாசம் சொல்லிக் குடு. கடை ரெண்டு ஆளா ஆவும். ஒண்ணு அவன், ஒண்ணு நீ. நான் ஓனராண்ட பேசறேன்." வேண்டா நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு எதையும் நம்புவதற்கு இல்லாதபோது கிடைத்ததை நம்புகிறவர்கள்தான் நாமெல்லாரும். பாகு எந்த நிறத்தில் இறக்க வேண்டும், பழத்தை எப்படி ஒற்ற வேண்டும், ஆறிப்போனால் அடுப்பின் மேல் டின்னைச் சுழற்றிச் சுழற்றி எப்படி இளக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். அவன் நல்ல மாணவன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கற்றுக்கொண்ட மறுவாரம் அருணகிரி அவளைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தினார். பத்துப் பேர் கேட்கும்படி, "அந்தக் கையோட மாவைத் தொடாத. சுத்தம் பாக்குற ஆபீசர் வந்தா ஓட்டலையே மூடிடுவான். உனக்குத் தொட்டிதான்" என்றார். பேச்சில் தப்பில்லை, புண்ணோடு மாவைத் தொடக்கூடாதுதான். தொட்டியில் நின்றதால் புண், புண் வந்ததால் மறுபடி தொட்டி. வேண்டா தொட்டிக்குப் போனாள். ஆவணி முடிவதற்குள் இடது கட்டைவிரல் நகம் கழன்று சோடாத் தண்ணீரில் போய்விட்டது. தேடிப் பார்த்தாள், நுரைக்குள் அகப்படவில்லை.

வீடியோ மட்டும் ஓயவில்லை. முதலாளியின் மனைவி முழுசாகப் போட்டதை யாரோ வெட்டி, அவள் தட்டுவதையும் தலையணை விழுவதையும் செர்ரிக்குப் பின்னால் அவள் குனிந்து போவதையும் மட்டும் வைத்துப் பின்னணிக்கு ஒரு தவில் சேர்த்துவிட்டார்கள். குமார் ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ காட்டிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, "மாஸ்க்குல உன் மூஞ்சி தெரில, தப்பிச்ச" என்றான். படூரில் காலேஜ் படிக்கும் மகள் கண்ணகிக்கு வகுப்புத் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் மகள். "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன். நீதான்னு சொன்னா இன்னும் சிரிப்பாங்க." சொல்லிவிட்டு அம்மாவின் கையில் களிம்பு தடவினாள். வேண்டா கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது நகமும் போனபோது ரிசார்ட்டே அவளை வேண்டாமென்றது. அச்சரப்பாக்கத்தில் ஒரு மண்டியில் வேர்க்கடலை தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. தரையில் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிப் போட வேண்டும். தூசி இருமல் வரவழைத்தது. ஆனால் தண்ணீர் இல்லை. கை மெல்ல மெல்லக் காய்ந்தது. தோல் வந்தது. நகம் வளரவில்லை, அந்த இடம் வழவழவென்று, மெழுகு பூசியதுபோல ஆகிவிட்டது. கேக் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. மண்டியில் ஒரு பெண் பிறந்தநாள் கேக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கி, பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டிவிட்டாள். ரோட்டுக் கடையில் கூட்டம் தள்ளுகிறது என்று குமார் எப்போதாவது சொல்வான். லட்சுமணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொன்னான்.

மோசஸ் கிளம்பி ஒன்றரை வருஷம் கழித்து, ஆடி மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் சத்தம் போட்டது. தெரியாத நம்பர், வெளிநாட்டு நம்பர். மெசேஜ் எழுத்தில் இல்லை, குரலில் வந்திருந்தது. கடலைத் தொலியை மடியிலிருந்து உதறிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பின்னால் காற்றும் எந்திரச் சத்தமும் இரைந்தன.

"அக்கா, மோசஸ் பேசறேன்க்கா. நல்லாக் கீறியா? கண்ணகி நம்பர் புடிச்சி அதுலருந்து உன் நம்பர் வாங்குனேன். அக்கா, நம்ம ஓட்டல்ல எவளோ ஒருத்தி கேக்க கவுத்த வீடியோ பாத்தியா? தொப்பி மாட்டிக்கினு, கிளவுஸ் மாட்டிக்கினு, டின்ன போட்டு அடிக்கிறா பாரு! கப்பல்ல கிச்சன்ல நானூறு பேருக்கும் காமிச்சிட்டேன்க்கா, வெள்ளக்காரன்லாம் கண்ணுல தண்ணி வர சிரிக்கிறான். டெய்லி ஒரு தபா போடச் சொல்றானுங்க. யாருக்கா அது, எங்கருந்து புடிச்சாங்க அந்த அம்மாவ? நான் கிளம்பும்போதே செஃபாண்ட தலைதலையா அடிச்சிக்கினேன், வேண்டா அக்காவ போடுங்க, அந்த டின்னு பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கே தெரியாதுன்னு. கேட்டாதான? உன்ன போட்டிருந்தா இப்பிடி மானம் போயிருக்குமா சொல்லு. சரிக்கா, டூட்டி டைம் ஆச்சு. அது யாருன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லு, பேரு போட்டு அனுப்பணும்னு கேக்குறானுங்க."